கணக்கைக் கழிப்பது சிக்கனம், தேதியைத் தள்ளுவது பந்தயம்

தொழிற்சாலைகளுக்கு வேண்டிய பெரிய பம்புகளைச் செய்யும் ஒரு பன்னாட்டுக் குழுமத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தலைமையகம் அமெரிக்காவில். மோட்டார்கள் ஜெர்மனியில் தயாராகின்றன. செக் குடியரசில் உள்ள ஆலை அவற்றை வாங்கிப் பம்பாகப் பூட்டுகிறது. பிரிட்டனில் உள்ள கம்பெனி விற்கிறது. நான்குக்கும் முதலாளி ஒருவர்தான். ஆனால் சட்டத்தின் கண்ணில் நான்கும் தனித்தனிக் கம்பெனிகள். ஒன்றிடமிருந்து இன்னொன்று எதை வாங்கினாலும் பில் போட வேண்டும், பில்லுக்குப் பணம் கட்ட வேண்டும். அதுவும் நான்கு வெவ்வேறு நாணயங்களில்.

ஆக, ஒரே குடும்பத்துக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு வங்கிகள் ஒவ்வொரு முறையும் கமிஷன் எடுக்கின்றன. போதாக்குறைக்கு, பணம் கிளம்பும் நாளுக்கும் போய்ச் சேரும் நாளுக்கும் இடையே நாணய மதிப்பு மாறினால் அந்த ஏற்ற இறக்கமும் குழுமத்தின் தலையில் விழும்.

இதைச் சமாளிக்கக் குழுமங்களின் நிதிப் பிரிவு, அதாவது டிரஷரி, இரண்டு வழிகளைக் கையாளுகிறது. ஒன்று, பில்களை ஒன்றுக்கொன்று கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் அனுப்புவது. இதற்கு நெட்டிங் என்று பெயர். இன்னொன்று, நாணயம் எந்தப் பக்கம் சாயும் என்று கணித்து, பணம் கட்டும் தேதியை முன்னே இழுப்பது அல்லது பின்னே தள்ளுவது. முன்னே இழுத்தால் லீடிங், பின்னே தள்ளினால் லேகிங். பாடப் புத்தகங்கள் மூன்றையும் ஒரே அத்தியாயத்தில் அடுத்தடுத்து வைக்கின்றன. குணத்தில் அவை ஒன்றல்ல. நெட்டிங்கில் கிடைப்பது சிறிய, ஆனால் உறுதியான லாபம். லீடிங்கும் லேகிங்கும் பந்தயம். எண்களை வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

எட்டு பில்கள், நான்கு பணப் பரிமாற்றங்கள்

நம் பம்புக் குழுமத்தில் ஒரு மாதத்தில் கட்ட வேண்டிய தொகைகள் இவை என்று வைத்துக்கொள்வோம். ஒப்பிட வசதியாக எல்லாவற்றையும் லட்சம் யூரோவில் தருகிறேன்.

- மோட்டார்களுக்காக செக் ஆலை ஜெர்மனிக்கு: 90
- திரும்ப வாங்கும் பம்புகளுக்காக ஜெர்மனி செக் ஆலைக்கு: 60
- பம்புகளுக்காக பிரிட்டன் செக் ஆலைக்கு: 80
- மோட்டார்களுக்காக பிரிட்டன் ஜெர்மனிக்கு: 40
- காப்புரிமைக் கட்டணமாக ஜெர்மனி அமெரிக்காவுக்கு: 50
- பம்புகளுக்காக அமெரிக்கா செக் ஆலைக்கு: 30
- மென்பொருளுக்காக பிரிட்டன் அமெரிக்காவுக்கு: 10
- பரிசோதனைச் சேவைக்காக செக் ஆலை பிரிட்டனுக்கு: 20

எட்டு பில்கள், மொத்தம் 380 லட்சம் யூரோ. இப்போது கம்பெனி கம்பெனியாகக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். ஜெர்மனிக்கு வர வேண்டியது 130, தர வேண்டியது 110. மிச்சம் 20 வர வேண்டும். செக் ஆலைக்கு 170 வர வேண்டும், 110 தர வேண்டும். மிச்சம் 60. அமெரிக்காவுக்கு 60 வர வேண்டும், 30 தர வேண்டும். மிச்சம் 30. பிரிட்டன் மட்டும் 130 தர வேண்டும், அதற்கு வர வேண்டியதோ வெறும் 20. ஆகவே 110 லட்சம் கட்ட வேண்டிய ஒரே கம்பெனி பிரிட்டன்தான்.

குழுமம் ஒரு நெட்டிங் மையத்தை அமைக்கிறது. பிரிட்டன் கம்பெனி 110 லட்சம் யூரோவுக்கு ஈடான பவுண்டை அந்த மையத்துக்குக் கட்டும். மையம் அதை மாற்றி ஜெர்மனிக்கு யூரோவாகவும், செக் ஆலைக்கு அந்நாட்டு கொருனாவாகவும், அமெரிக்காவுக்கு டாலராகவும் பிரித்துக் கொடுக்கும். உள்ளே வருவது ஒரு தொகை, வெளியே போவது மூன்று. 380 லட்சம் புரள வேண்டிய இடத்தில் 110 லட்சத்தோடு வேலை முடிந்தது. மீதி 270 லட்சம் யூரோ வங்கி வாசலையே மிதிக்கவில்லை.

இதனால் மிச்சமாவது எவ்வளவு? வங்கி ஒரு நாணயத்தை வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே ஒரு இடைவெளி வைத்திருக்கும். அதையும் அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்து 0.2 சதவீதம் என்று கொண்டால், 270 லட்சத்துக்கு 54,000 யூரோ. அனுப்பிய பணம் வழியில் இரண்டு நாள் முடங்கிக் கிடக்கும் என்றும் வட்டி 4 சதவீதம் என்றும் கொண்டால் இன்னும் சுமார் 5,900 யூரோ. மாதத்துக்கு ஏறக்குறைய 60,000 யூரோ. நாணயம் ஏறினாலும் இறங்கினாலும் இந்த மிச்சம் கைக்கு வந்துவிடும். எந்தக் கணிப்பும் தேவையில்லை என்பதுதான் இதன் அழகு.

இன்னொரு லாபமும் உண்டு. பம்புக் குழுமத்தில் நெட்டிங் வருவதற்கு முன்பு, நான்கு இடங்களிலும் நான்கு பேர் தங்கள் உள்ளூர் வங்கியோடு பேசி, அவரவருக்குக் கிடைத்த விலையில் நாணயம் மாற்றியிருப்பார்கள். ஜெர்மனிக்காரர் கொருனா வாங்கும் அதே வாரத்தில் செக் ஆலைக்காரர் கொருனாவை விற்று யூரோ வாங்குவார். இரண்டு முறையும் வங்கிக்குத்தான் வரும்படி. மையம் வந்த பிறகு மொத்த வியாபாரியைப் போல ஒருவர் மட்டும் சந்தைக்குப் போகிறார். நாலைந்து வங்கிகளிடம் விலை கேட்டு, குறைவாகச் சொன்னவரிடம் முடிக்கிறார்.

மாதத்தின் ஒரு வாரம்

காகிதத்தில் இது பள்ளிக்கூடக் கணக்கு. நடைமுறையில் எல்லாமே காலண்டரை நம்பியிருக்கிறது. பணம் கைமாறும் நாள் மாதத்தின் 25ஆம் தேதி என்றால், வேலை அதற்குப் பத்து நாள் முன்பே தொடங்கிவிடும். ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் எல்லாக் கம்பெனிகளும் தங்கள் பில்களை மையத்தின் கணினியில் ஏற்ற வேண்டும். அடுத்த இரண்டு மூன்று நாள் சரிபார்ப்பு. ஜெர்மனி 90 என்கிறது, செக் ஆலையின் புத்தகத்தில் 84தான் இருக்கிறது, பழுதான ஆறு லட்சத்துக்கான சரக்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம் என்கிறார்கள். இப்படித்தான் சண்டை வரும். பிறகு மையம் வரவு செலவு அறிக்கையை இறுதி செய்து அனுப்பும். பணம் கைமாறுவதற்கு இரண்டு வேலை நாள் முன்பு நாணயச் சந்தையில் ஒப்பந்தம் முடியும். உடனடிச் சந்தையில் பெரும்பாலான நாணயங்கள் இரண்டாம் நாள்தான் கைமாறும் என்பதே காரணம்.

மேற்சொன்ன ஆறு லட்சத் தகராறை எப்படித் தீர்ப்பது என்பதில்தான் ஒரு நெட்டிங் மையம் உருப்படுமா, படாதா என்பது தெரியும். சில குழுமங்களில் விற்பவர் ஏற்றிய தொகையே செல்லும். வாங்கியவர் முதலில் கட்டிவிட்டு, தகராறை அடுத்த மாதம் பேசிக்கொள்ள வேண்டும். வேறு சில குழுமங்களில் வாங்கியவர் ஒப்புக்கொண்ட தொகை மட்டுமே கணக்கில் சேரும். முதல் முறையில் பணம் வேகமாக நகரும். இரண்டாவதில் கடனாளியின் சோம்பேறித்தனத்துக்கு இடம் இருக்கிறது. தன் கம்பெனியின் கையிருப்பு அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சகோதரக் கம்பெனியின் பில்லை மேசையிலேயே வைத்திருக்கும் மேலாளர் எல்லாக் குழுமத்திலும் உண்டு. அசையாத தேதி ஒன்று வந்துவிட்டால் அந்தச் சாமர்த்தியம் செல்லாது. நெட்டிங்கால் வரும் இந்த ஒழுங்கை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் லாபமாக எழுத முடியாது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கழிக்கப்படுவது பணம்தானே தவிர, பில்கள் அல்ல. செக் ஆலையின் புத்தகத்தில் 170 வரவும் 110 செலவும் முழுசாகத்தான் இருக்கும். வரித் துறை பார்ப்பது அந்த முழுத் தொகையைத்தான். ஜெர்மனி அமெரிக்காவுக்குத் தரும் காப்புரிமைக் கட்டணத்தில் வரி பிடிக்க வேண்டிய நிலை வந்தால், 50 லட்சத்துக்கும் கணக்கிட வேண்டும். மிச்சம் 30தானே என்று வாதாட முடியாது.

திவாலானால் என்ன ஆகும்?

சுற்றில் உள்ள ஒரு கம்பெனி திவாலாகிவிட்டால் நெட்டிங்கின் கதி என்ன? இதற்குப் பதில் சொன்ன புகழ்பெற்ற வழக்கு விமானத் துறையிலிருந்து வந்தது. விமானக் கம்பெனிகள் ஒன்றின் பயணியை இன்னொன்று ஏற்றிக்கொண்டு, பிறகு கணக்குத் தீர்ப்பதற்காக ஐஏடிஏ அமைப்பு 1947இலேயே ஒரு தீர்வு மையத்தைத் தொடங்கியது. மாதாமாதம் எல்லோருடைய கணக்கையும் கழித்து மிச்சத்தை மட்டும் தீர்க்கும் ஏற்பாடு அது. 1968 நவம்பரில் பிரிட்டிஷ் ஈகிள் என்ற விமானக் கம்பெனி மூழ்கியது. மொத்தக் கணக்கில் அது மையத்துக்குக் கடன்பட்டிருந்தது. ஆனால் ஏர் பிரான்ஸ் என்ற தனிக் கம்பெனியோடு மட்டும் பார்த்தால், ஏர் பிரான்ஸ்தான் அதற்குப் பணம் தர வேண்டியிருந்தது.

அந்தப் பணத்தைக் கொடு என்று பிரிட்டிஷ் ஈகிளின் கலைப்பாளர் கேட்டார். எல்லாம் மையத்தில் கழிந்துவிட்டது என்றது ஏர் பிரான்ஸ். 1975இல் பிரிட்டனின் அன்றைய உச்ச மன்றமான பிரபுக்கள் சபை, மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் கலைப்பாளர் பக்கம் தீர்ப்பளித்தது. திவாலான கம்பெனியின் சொத்து எல்லாக் கடன்காரர்களுக்கும் பொதுவானது, மையத்தின் உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசிவைத்த ஒப்பந்தம் அதை மாற்ற முடியாது என்பதே அதன் சாரம். அதன் பிறகு தீர்வு மையங்கள் தங்கள் விதிகளைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. குழுமத்துக்குள் நடக்கும் நெட்டிங்கிலும் இதே கேள்வி காத்திருக்கிறது. ஒரு துணைக் கம்பெனி தள்ளாடத் தொடங்கியதும் அதை நெட்டிங் சுற்றிலிருந்து வெளியே எடுப்பதே புத்திசாலித்தனம்.

1967இல் தேதிகள் ஆடிய ஆட்டம்

இனி தேதியைத் தள்ளும் வித்தைக்கு வருவோம். வெளியாருக்குத் தர வேண்டிய பணத்தைத் தாமதித்தால் அவர் கூச்சலிடுவார், வட்டி கேட்பார், அடுத்த முறை சரக்கே அனுப்ப மாட்டார். குழுமத்துக்குள் அந்தத் தொல்லை இல்லை. கட்டுபவரும் வாங்குபவரும் ஒரே எஜமானுக்குப் பதில் சொல்பவர்கள். தலைமையகம் ஒரு சொல் சொன்னால், அடுத்த மாதச் சுற்றுக்குரிய பில் இந்த மாதமே ஏறும். அல்லது இந்த மாதப் பில் அடுத்த மாதத்துக்கு ஒதுங்கும். இந்த வசதி இருப்பதால்தான் பன்னாட்டுக் குழுமங்களுக்கு இது கைவந்த கலையானது.

1967 நவம்பர் 18, சனிக்கிழமை இரவு. ஒரு பவுண்டுக்கு 2.80 டாலர் என்றிருந்த மதிப்பை 2.40 டாலராகக் குறைப்பதாக பிரிட்டன் அரசு அறிவித்தது. அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே வணிகர்கள் இதை எதிர்பார்த்திருந்தார்கள். ஒரு அமெரிக்கத் தாய்க் கம்பெனியும் அதன் பிரிட்டிஷ் துணைக் கம்பெனியும் அப்போது என்ன செய்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

துணைக் கம்பெனி தாய்க் கம்பெனிக்கு டிசம்பரில் 2,80,000 டாலர் கட்ட வேண்டும். அக்டோபரிலேயே கட்டினால் செலவு 1,00,000 பவுண்டு. டிசம்பர் வரை காத்திருந்தால் 1,16,667 பவுண்டு. எனவே லீடிங். எதிர்ப் பக்கம், தாய்க் கம்பெனி துணைக் கம்பெனிக்கு அக்டோபரில் 1,00,000 பவுண்டு கட்ட வேண்டியிருக்கிறது. அன்றே கட்டினால் 2,80,000 டாலர் ஆகும். டிசம்பருக்குத் தள்ளினால் 2,40,000 டாலரோடு முடியும். எனவே லேகிங். பலவீனமான நாணயத்தைக் கையில் வைத்திருப்பவர் சீக்கிரம் கட்டுகிறார். அந்த நாணயத்தை வாங்கிக் கட்ட வேண்டியவர் தாமதிக்கிறார்.

இரண்டு மாதம் முன்னால் கட்டப் பணம் இல்லை, லண்டனில் 8 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். வட்டிச் செலவு 1,333 பவுண்டு. தவிர்த்த நஷ்டம் 16,667 பவுண்டு. அன்றைய நாணய மதிப்புகள் அரசுகள் நிர்ணயித்தவை. பவுண்டு விழலாம், ஆனால் குறுகிய எல்லையைத் தாண்டி மேலே ஏற முடியாது. ஆகவே கணிப்பு பொய்த்தாலும் போவது கொஞ்சம் வட்டி மட்டுமே. தோற்றால் சில்லறை, ஜெயித்தால் மூட்டை.

ஒவ்வொரு கம்பெனியும் தன் அளவில் செய்த இந்தச் சின்ன வேலை, நாட்டு அளவில் பூதாகரமாகும். பிரிட்டனின் சரக்கு ஏற்றுமதி அப்போது ஆண்டுக்கு 500 கோடி பவுண்டுக்கு மேல். இறக்குமதியும் அதே அளவில், கொஞ்சம் கூடுதலாக. வெளிநாட்டார் தங்கள் பணத்தை ஒரு வாரம் தாமதித்து, பிரிட்டிஷ் இறக்குமதியாளர்கள் ஒரு வாரம் முன்னால் கட்டினால் போதும், இரண்டு பக்கமும் சேர்ந்து சுமார் 20 கோடி பவுண்டு அந்த நாட்டின் கையிருப்பிலிருந்து கரையும். பிரிட்டனிடம் அப்போது இருந்த தங்கம், அந்நியச் செலாவணிக் கையிருப்பு சுமார் 100 கோடி பவுண்டுதான். யாரும் சூதாட வேண்டியதில்லை. எல்லோரும் பில் தேதியை ஒரு வாரம் நகர்த்தினாலே ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும். நாணய மதிப்பு வீழ்வதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று வாதிட்டு, பொருளியல் எழுத்தாளர் பால் ஐன்சிக் 1968இல் தனிப் புத்தகமே எழுதினார்.

அமெரிக்காவிலும் இந்தக் கவலை பரவியது. 1971 இறுதியில் பன்னாட்டு நிறுவனங்கள் உள்ளிட்ட தனியார் கையில் உலகச் சந்தையில் சுமார் 26,800 கோடி டாலர் குறுகிய காலச் சொத்தாக இருந்தது என்று அந்நாட்டுச் சுங்க வரி ஆணையம் 1973இல் செனட் சபைக்குத் தந்த அறிக்கை மதிப்பிட்டது. அதில் ஒரு சிறு பகுதி இடம் பெயர்ந்தாலே ஒரு நாணயம் ஆட்டம் காணும் என்பதுதான் அதைப் படித்தவர்களைத் திடுக்கிட வைத்த செய்தி.

பந்தயம் தலைகீழானபோது

இன்று பெரிய நாணயங்கள் சந்தையில் மிதக்கின்றன. விழுந்த நாணயம் மறுநாளே எழவும் கூடும். அதனால் 1967இன் சுலபக் கணக்கு இப்போது ஓடாது. 2021இன் துருக்கி இதற்கு நல்ல பாடம்.

அந்த ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 8.3 லிரா. விலைவாசி ஏறிக்கொண்டிருந்தபோதே மத்திய வங்கி வட்டியைக் குறைக்கத் தொடங்கியது. 19 சதவீதமாக இருந்த வட்டி டிசம்பருக்குள் 14 ஆனது. லிரா சரிந்தது. டிசம்பர் 20 அன்று ஒரு டாலர் 18 லிராவைத் தொட்டது.

ஒரு துருக்கியத் துணைக் கம்பெனி தன் தாய்க் கம்பெனிக்கு டிசம்பர் 20 அன்று 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று கொள்வோம். செப்டம்பரிலேயே முந்திக் கட்டியிருந்தால் 83 லட்சம் லிரா. அதை 20 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தாலும் மூன்றரை மாத வட்டி ஐந்து லட்சத்துக்குக் குறைவு. மொத்தம் 88 லட்சத்துக்குள் முடிந்திருக்கும். கெடு நாள் வரை காத்திருந்தவருக்கு 180 லட்சம் லிரா. முந்தியவர் பிழைத்தார்.

அதே நாளில் இன்னொரு கம்பெனி பதறிப்போகிறது. லிரா இன்னும் விழும் என்று பயந்து, ஜனவரி கடைசியில் கட்ட வேண்டிய 10 லட்சம் டாலரை டிசம்பர் 20ஆம் தேதியே, 18 லிரா விலையில் கட்டுகிறது. அன்று இரவே, லிராவில் சேமிப்பவர்களுக்கு நாணயச் சரிவால் வரும் நஷ்டத்தை அரசே ஈடுகட்டும் என்று அதிபர் எர்டோகன் அறிவித்தார். சில மணி நேரத்தில் லிரா துள்ளி எழுந்தது. ஜனவரி கடைசியில் ஒரு டாலர் சுமார் 13.5 லிரா. ஒழுங்காகக் கெடு நாளில் கட்டியிருந்தால் 135 லட்சத்தில் முடிந்திருக்கும். முந்தியதால் 45 லட்சம் லிரா நஷ்டம், கடன் வட்டி தனி.

இதில் ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது. உள்ளூர் வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், தாய்க் கம்பெனி நாட்டில் 4 சதவீதம் என்றால் வித்தியாசம் 8. மூன்று மாதத்துக்கு 2 சதவீதம். அந்த மூன்று மாதத்தில் உள்ளூர் நாணயம் 2 சதவீதத்துக்கு மேல் விழும் என்று நம்பினால் மட்டுமே முந்திக் கட்டுவதில் பொருள் உண்டு. அதற்குக் குறைவாக விழுந்தால், நாணயம் விழுந்தும் குழுமம் நஷ்டப்படும். ‘ரூபாய் இறங்கப் போகிறது, உடனே கட்டுங்கள்’ என்பது பாதி வாக்கியம். எவ்வளவு இறங்கும், வட்டி வித்தியாசத்தை அது தாண்டுமா என்ற மீதிப் பாதிதான் முக்கியம்.

எதிர்கால நாணயம் மாற்றும் ஃபார்வர்டு ஒப்பந்தம் தாராளமாகக் கிடைக்கும் நாட்டில் இந்த வித்தையால் பெரிய பயன் இல்லை. ஃபார்வர்டு விலைக்குள்ளேயே அந்த வட்டி வித்தியாசம் அடங்கியிருக்கும். கடன் வாங்கி முந்திக் கட்டுவதும், ஃபார்வர்டு போட்டுவிட்டுக் கெடு நாளில் கட்டுவதும் ஏறக்குறைய ஒரே விலையில் வந்து நிற்கும். ஃபார்வர்டு கிடைக்காத இடத்திலும், அரசு வட்டியைச் செயற்கையாக அழுத்தி வைத்திருக்கும் இடத்திலும்தான் தேதியை நகர்த்துவது தனிப் பலன் தரும். துருக்கியில் பலன் தந்ததற்கு இதுவே காரணம். அப்படிப்பட்ட இடங்களில்தான் அரசும் விழித்துக்கொள்ளும். ஏற்றுமதியாளர்கள் ஈட்டும் அந்நியச் செலாவணியில் 25 சதவீதத்தை மத்திய வங்கியிடம் விற்றாக வேண்டும் என்று 2022 ஜனவரியில் துருக்கி உத்தரவிட்டது. ஏப்ரலில் அதை 40 சதவீதமாக உயர்த்தியது.

குழுமத்துக்கு லாபம், கம்பெனிக்கு?

முந்திக் கட்டுவதால் குழுமம் ஜெயிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கடன் வாங்கியது யார்? துணைக் கம்பெனி. வட்டி விழுந்தது யார் கணக்கில்? அதே துணைக் கம்பெனி. அதன் மேலாளரின் ஆண்டு லாபம் குறைகிறது, அவருடைய போனஸும் குறைகிறது. நிதானமான குழுமங்களில் தலைமையகம் அந்த வட்டியை ஈடுகட்டும், அல்லது மேலாளரின் செயல்திறனை அளக்கும்போது அதைக் கழித்துப் பார்க்கும். அப்படிச் செய்யாத இடத்தில் மேலாளர் உத்தரவை இழுத்தடிப்பார்.

மேலாளரை விட்டுவிடலாம். துணைக் கம்பெனியில் வெளி முதலீட்டாளர்களுக்கும் பங்கு இருந்தால் விஷயம் வேறு. இந்தியப் பங்குச் சந்தையில் பன்னாட்டுக் குழுமங்களின் துணைக் கம்பெனிகள் பல பட்டியலாகியிருக்கின்றன. ஒரு சகோதரக் கம்பெனி இங்கே தர வேண்டிய பணத்தை ஆறு மாதம் தாமதித்தால், அது இந்தியப் பங்குதாரர் தந்த வட்டியில்லாக் கடன்தான். வருமான வரித் துறையும் அப்படித்தான் பார்க்கிறது. வெளிநாட்டுச் சகோதரக் கம்பெனியிடமிருந்து வராமல் நிற்கும் பாக்கியும் சர்வதேசப் பரிவர்த்தனையில் சேரும் என்று வருமான வரிச் சட்டத்தின் 92பி பிரிவுக்கு 2012இல் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டு, 2002 முதலே அது பொருந்தும் என்று சொல்லப்பட்டது. அதன் பிறகு, நியாயமான தவணையைத் தாண்டி நிற்கும் பாக்கிக்கு வராத வட்டியை வந்ததாகக் கருதி வரி கேட்கும் வழக்குகள் தீர்ப்பாயங்களில் குவிந்தன.

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் உள்ள வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஆலைகள், நெட்டிங் என்றாலும் தேதி நகர்த்தல் என்றாலும் ரிசர்வ் வங்கியின் கோட்டுக்குள்தான் நடக்க வேண்டும். ஏற்றுமதிப் பணம் 9 மாதத்துக்குள் நாட்டுக்கு வந்துசேர வேண்டும் என்ற விதி 2025 நவம்பரில் 15 மாதமாகத் தளர்த்தப்பட்டது. தாமதிக்க இப்போது இடம் கூடியிருக்கிறது, ஆனால் எல்லை இல்லாமல் இல்லை. நெட்டிங்கைப் பொறுத்தவரை, வெளிநாட்டுக் குழுமக் கம்பெனிகளோடு ஏற்றுமதி வரவை இறக்குமதிப் பாக்கியில் கழித்துக்கொள்ள, மையத் தீர்வு ஏற்பாட்டின் வழியாக உட்பட, 2020 டிசம்பர் 4 சுற்றறிக்கை வழிவிட்டது. அதிலும் நிபந்தனைகள் இருந்தன. எல்லாம் ஒரே வங்கி வழியாக நடக்க வேண்டும், சரக்குக் கணக்கைச் சேவைக் கணக்கோடு கழிக்கக் கூடாது, ஏற்றுமதி இறக்குமதி இரண்டும் ஒரே காலண்டர் ஆண்டுக்குள் கழிய வேண்டும். நம் பம்புக் குழுமத்தில் ஐந்தாவதாக ஒரு சென்னை ஆலை சேர்ந்திருந்தால், பம்புக்கு வர வேண்டிய பணத்தை மென்பொருளுக்குத் தர வேண்டிய பணத்தோடு அந்தச் சுற்றறிக்கையின்படி கழித்திருக்க முடியாது.

பன்னாட்டுக் குழுமம் ஒன்றின் இந்தியக் கம்பெனியில் உங்களுக்குப் பங்கு இருந்தால், இவற்றை உங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஆண்டறிக்கையின் பின்பகுதியில் தொடர்புடைய தரப்பினர் பற்றிய குறிப்பு ஒன்று இருக்கும். குழுமக் கம்பெனிகளிடமிருந்து வர வேண்டிய பாக்கி எவ்வளவு, அவர்களுக்கு ஆண்டு முழுவதும் விற்றது எவ்வளவு என்று பாருங்கள். விற்பனை ஏறாமல் பாக்கி மட்டும் ஏறினால் யாரோ தேதியைத் தள்ளுகிறார்கள். எத்தனை மாதமாக நிற்கும் பாக்கி என்ற வயதுப் பட்டியலையும் 2021 முதல் கம்பெனிகள் வெளியிட வேண்டியிருக்கிறது. அதில் ஆறு மாதத்தைத் தாண்டிய தொகை பெரிதாக இருந்து, அது குழுமக் கம்பெனிகளின் பாக்கி என்று தோன்றினால், பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: அந்தப் பணத்துக்கு வட்டி வருகிறதா, இல்லையா?